அடுத்தவர் செய்த பிபிடியைப் பேசப் போகிறவருக்கு என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்

போன வருடம் ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேலாளர் என் மேசைக்கு வந்து, "நாளைக்குக் காலைல பல்லடம் போயிட்டு வர முடியுமாம்மா?" என்று கேட்டார். நான் வேலை செய்வது கூரை மேல் சூரிய மின்தகடு அமைத்துத் தரும் ஒரு சிறிய நிறுவனத்தில். வடிவமைப்புப் பிரிவு. வாடிக்கையாளர் முன்னால் நின்று பேசுவது என் வேலையே இல்லை. அதைச் செய்கிற அண்ணாவின் அப்பாவுக்கு அன்று மதியம் நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். பல்லடம் பக்கத்தில் உள்ள ஒரு நூற்பாலைக்கு 500 கிலோவாட் திட்டத்தை விளக்க வேண்டும். மூன்று மாதம் அலைந்து வாங்கிய சந்திப்பு, தள்ளிப் போட முடியாது. "பிபிடி ரெடியா இருக்கு. நோட்ஸ் எல்லாம் போட்டு வச்சிருக்காராம், பார்த்துப் பேசிடலாம்" என்றார் சார். சரி என்று சொல்லிவிட்டேன்.

இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி, மேல் படுக்கையில் உட்கார்ந்துதான் அந்தக் கோப்பை முதல்முறையாகத் திறந்தேன். 24 ஸ்லைடு. கீழே நோட்ஸ் பகுதியில் எல்லா ஸ்லைடுக்கும் ஏதோ ஒன்று எழுதித்தான் இருந்தது. ஆனால் பாதி இடங்களில் ஸ்லைடில் இருந்த வரிகளே அப்படியே ஒட்டப்பட்டிருந்தன. மீதிப் பாதியில் "பலன்களை விளக்கவும்", "முதலீடு திரும்பும் காலத்தை அழுத்திச் சொல்லவும்", "கூரை அமைப்பைக் காட்டவும்" என்ற மாதிரி ஆங்கிலத்தில் ஒற்றை வரிகள். அண்ணாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அதைத் தனக்காக எழுதிக்கொண்டார். அவருக்கு அந்த ஒரு வரி போதும், பின்னால் இருக்கும் கதை முழுக்க அவர் தலையில் இருக்கிறது. மருத்துவமனையில் இருப்பவரை ராத்திரி பதினொரு மணிக்கு எழுப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. படித்துப் படித்து மனப்பாடம் செய்தேன். விடியற்காலை திருப்பூரில் இறங்கும்போது 24 ஸ்லைடையும் பார்க்காமல் சொல்ல முடிந்தது. அது போதும் என்று நம்பினேன்.

ஆலையில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாளி, அவருடைய மகன், ஆடிட்டர். முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. பதினான்காவது ஸ்லைடில் ஆலையின் கூரையை மேலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தது. நீலக் கட்டங்களில் தகடுகள் வரும் இடம், தெற்கு ஓரத்து ஷெட்டின் மேல் மட்டும் ஒரு சிவப்புக் கட்டம். முதலாளி அதைக் கை நீட்டிக் காட்டி, "அந்த ஷெட்டை ஏம்மா விட்டுட்டீங்க?" என்றார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கூரையில் ஓர் இடத்தை விடுவதற்கு வழக்கமான காரணம் நிழல் என்பதால், "அங்க நிழல் விழுதுங்க சார்" என்றேன். முப்பது வருடமாக அந்தக் கூரைக்குக் கீழே நிற்கிறவர் அவர். "அங்க காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்தான்" என்றார், கோபமே இல்லாமல். மகன் என்னைப் பார்த்தார். என் காது சூடாகிவிட்டது. உண்மைக் காரணம், அந்த ஷெட் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதன் மேல் ஆள் ஏறவோ தகடு பொருத்தவோ கூடாது, முதலில் கூரையை மாற்ற வேண்டும். அண்ணா நேரில் போய்ப் பார்த்து எடுத்த நல்ல முடிவு. அந்த ஒரு வரி நோட்ஸில் இருந்திருந்தால், எங்கள் ஆட்கள் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள் என்று அவர்களே நினைத்திருப்பார்கள்.

அதற்கு மேல் நடந்ததுதான் ஆர்டரைக் கொண்டுபோனது. பதினேழாவது ஸ்லைடில் பெரிய எழுத்தில் மூன்று எண்கள்: முதலீடு 2.25 கோடி, ஆண்டுச் சேமிப்பு 50.4 லட்சம், முதலீடு திரும்பும் காலம் 4 ஆண்டு. அண்ணாவின் குறிப்புப்படி அந்த நாலு ஆண்டை அழுத்திச் சொன்னேன். ஆடிட்டர் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைப் பையில் இருந்து சின்ன கால்குலேட்டரை எடுத்தார். தட்டிப் பார்த்தார். இன்னொரு முறை தட்டினார். கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி மேசை மேல் தள்ளினார். 4.46 என்று இருந்தது. "நாலு எப்படிம்மா வந்துச்சு?" என்றார். "ரவுண்டா போட்டிருக்கோம் சார்" என்றேன். "ரவுண்டு பண்ணா நாலரைல்ல வரணும்" என்றார். அவ்வளவுதான். பிறகு இருந்த ஏழு ஸ்லைடையும் யாரும் பார்க்கவில்லை. காபி கொடுத்து, சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதேன். அங்கே ஆள் நடமாட்டம் அதிகம் இல்லை, அந்த ஒன்றுதான் ஆறுதல்.

அன்று சாயங்காலம் அண்ணா, அப்பா கண்விழித்துவிட்டார் என்று சொல்லிவிட்டு, அந்த நாலின் கதையைச் சொன்னார். சூரிய மின்தகட்டுக்கு வருமான வரியில் தேய்மானம் முதல் ஆண்டிலேயே 40 சதவீதம் செலவாகக் காட்டலாம். அதனால் மிச்சமாகும் வரியை முதலீட்டில் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு அது. தப்பான கணக்கு இல்லை. நான் மறுநாள் காலை ஆடிட்டரைத் தொலைபேசியில் பிடித்து அதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மில்லு ரெண்டு வருசமா நட்டத்துல ஓடுதும்மா. வரியே கட்டலைன்னா எந்த வரி மிச்சமாகும்?" என்றார். அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆறு வாரம் கழித்து அந்த வேலை வேறொருவருக்குப் போனது. எனக்கு வர வேண்டிய 45,000 ரூபாய் ஊக்கத்தொகை போனது. அண்ணாவின் மூன்று மாத அலைச்சல் வீணானது. பணத்தை விட எனக்கு அதிக நாள் வலித்தது, நல்ல வடிவமைப்பு ஒன்றை நான் பொய் மாதிரி ஆக்கிவிட்டேனே என்பது.

பிறகு பல நாள் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு என்ன குறைந்தது என்று யோசித்தால், பேசுவதற்குச் சொற்கள் குறையவில்லை. ஸ்லைடில் இருப்பதைப் பேச எல்லோராலும் முடியும். எனக்குக் குறைந்தது, ஸ்லைடில் இல்லாதது. ஓர் எண் எங்கிருந்து வந்தது, எந்த நிலையில் அது செல்லாது, எதை ஏன் விட்டோம், இந்த மூன்றும்தான். செய்தவருக்கு இவை எழுதத் தோன்றாது, ஏனென்றால் அவருக்கு இவை மறப்பதே இல்லை. ஆகவே நோட்ஸ் எழுத உட்காரும்போது ஸ்லைடைப் பார்த்து "இங்கே என்ன பேச வேண்டும்" என்று கேட்டுக்கொண்டால் திரும்பவும் அதே ஒற்றை வரிதான் வரும். "இதைப் பார்த்து ஓர் ஆடிட்டர் எங்கே விரல் வைப்பார்" என்று கேட்டுக்கொண்டால் வேறு மாதிரி வரும்.

இந்த ஏப்ரலில் எனக்கு அதே நிலை மறுபக்கத்தில் இருந்து வந்தது. திண்டுக்கல் பக்கம் இன்னொரு ஆலைக்கான பிபிடியை நான் செய்திருந்தேன். அதே நாளில் எனக்கு வேறொரு இடத்தில் மின் ஆய்வாளர் சோதனை. எங்கள் பிரிவில் சேர்ந்து எட்டு மாதமே ஆன தம்பி போக வேண்டும். அவனுக்கு நோட்ஸ் எழுத எனக்கு இரண்டு மாலை முழுதாகப் போனது. அந்தத் திட்டமும் 500 கிலோவாட்தான், எண்களும் கிட்டத்தட்ட அதேதான். முதலீடு திரும்பும் ஸ்லைடுக்கு நான் எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன், மாதிரிக்கு இது உதவும்.

"இந்த ஸ்லைடு வந்ததும் உடனே எண்ணைப் படிக்காதே. முதலில் இதைச் சொல்: போட்ட பணம் எப்ப திரும்பும்னு ரெண்டு கணக்கா சொல்றேங்க, ஒண்ணு வரியைச் சேர்க்காம, ஒண்ணு வரியைச் சேர்த்து. [கிளிக் 1: நாலரை ஆண்டு வரும்.] 2.25 கோடியை 50.4 லட்சத்தால் வகுத்தது, 4.46 வரும். அந்த 50.4 லட்சம் எப்படி வந்தது என்று கேட்டால்: ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,440 யூனிட், 500 கிலோவாட்டுக்கு 7,20,000 யூனிட், யூனிட்டுக்கு 7 ரூபாய். [கிளிக் 2: 4 ஆண்டு வரும்.] தேய்மானம் 40 சதவீதம் என்றால் 90 லட்சம். அதற்கு 25.17 சதவீத வரி 22.65 லட்சம். அதைக் கழித்தால் மீதி 202.35 லட்சம், வகுத்தால் 4.01. இது செல்லாத இடம் இரண்டு. ஆலைக்கு வரி கட்டும் அளவு லாபம் இல்லை என்றால் அந்த 22.65 லட்சம் இந்த ஆண்டு கைக்கு வராது. தேய்மானம் வீணாகாது, பின்வரும் ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம், ஆனால் பலன் தள்ளிப்போகும். அப்போது நாலரையை மட்டும் பேசு. இரண்டாவது, நிதியாண்டு முடிய 180 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது இயக்கத்துக்கு வந்தால் முதல் ஆண்டில் பாதித் தேய்மானம்தான். அப்போது 4.24, அதாவது நாலேகால் என்று சொல். இதற்கு மேல் வரிக் கேள்வி வந்தால் பதில் சொல்லாதே, அவர்கள் ஆடிட்டரிடமே விடு."

பார்த்தால் நீளம்தான். எல்லா ஸ்லைடுக்கும் இப்படி எழுதவில்லை. நிறுவன அறிமுகத்துக்கு இரண்டு வரி, நன்றி ஸ்லைடுக்கு ஒன்றுமே இல்லை. 22 ஸ்லைடில் இப்படி நீளமாக எழுத வேண்டியது ஐந்துதான் இருந்தது. மற்றவற்றுக்கும் அதே நீளத்தில் எழுதியிருந்தால் இந்த ஐந்தும் அவன் கண்ணில் படாமல் போயிருக்கும். எந்த ஐந்து என்று தேர்ந்தெடுப்பது சுலபம். பணம், கால அளவு, உத்தரவாதம் பற்றிய எண் எங்கெல்லாம் இருக்கிறதோ அவை. அப்புறம் எதையாவது விட்டிருக்கிற இடம்.

இந்த நோட்ஸைத் தமிழில் எழுதியது ஏன் என்று சார் கேட்டார், ஏனென்றால் எங்கள் பிபிடி எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பல்லடத்தில் நான் ஆங்கில வரியைப் படித்து, மனதுக்குள் தமிழாக்கி, அப்புறம் வாய் திறந்தேன். அந்த ஒரு நொடி தாமதத்தில் எதிரில் இருப்பவர் கேள்வியைப் போட்டுவிடுவார். எந்த மொழியில் பேசப் போகிறார்களோ அந்த மொழியில், அதுவும் பேசுகிற மாதிரியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் முழுப் பேச்சையும் வரி விடாமல் எழுதிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஆள் குனிந்து படிப்பான். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் முதல் வாக்கியத்தை மட்டும் வாய்மொழியாக எழுதினேன், அடுத்த ஸ்லைடுக்குப் போகும் வாக்கியத்தையும். நடுவில் இருப்பது அவன் சொந்தச் சொற்கள்.

மேலே கிளிக் என்று போட்டிருக்கிறேனே, அதுவும் பல்லடத்தில் பட்டதுதான். ஒரு ஸ்லைடில் ஐந்து பொருள்கள் ஒவ்வொன்றாக வரும்படி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. மூன்றாவது வந்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்ததைப் பேச ஆரம்பித்தேன், அழுத்தினால் பழைய ஸ்லைடிலேயே இன்னொன்று வந்து நின்றது. அடுத்தவருக்குக் கொடுக்கும் கோப்பில் முடிந்தவரை அசைவுகளை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாத இடத்தில் எத்தனை கிளிக், எதில் என்ன வரும் என்று எழுதிவிடுங்கள். மறைத்து வைத்த ஸ்லைடு இருந்தால் அதையும் சொல்லுங்கள். எண் கணக்கை விரிவாகப் போட்ட ஸ்லைடு ஒன்றை 23 என்று கடைசியில் மறைத்து வைத்திருந்தேன். காட்சி ஓடும்போது 23 தட்டி Enter அழுத்தினால் அது திரையில் வரும், திரும்ப 17 தட்டி Enter அழுத்தினால் இருந்த இடத்துக்கு வந்துவிடலாம். தம்பிக்கு அது தெரிந்திருக்கவில்லை.

ஒரு விஷயத்தை நோட்ஸில் எழுதவே கூடாது, அது பேரம். அண்ணாவின் பழைய கோப்பில் "கேட்டால் 2.15 வரை இறங்கலாம்" என்று ஒரு வரி இருந்தது. பல்லடத்தில் எதுவும் ஆகவில்லை. திண்டுக்கல்லுக்கு முதல் நாள் எங்கள் அலுவலகப் புரொஜெக்டரில் தம்பியை ஒத்திகை பார்க்கச் சொன்னபோது, ஸ்லைடு மடிக்கணினியிலும் நோட்ஸோடு இருக்கும் Presenter View சுவரிலும் வந்து நின்றது. திரைகள் இடம் மாறிவிட்டன. மேலே Display Settings என்பதில் Swap Presenter View and Slide Show என்று ஒன்று இருக்கிறது, அதை அழுத்தினால் சரியாகிவிடும். ஆனால் அழுத்தும் வரை ஆறேழு நொடி எல்லோரும் படிக்கலாம். அந்த வரி அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். விலை எவ்வளவு இறங்கலாம் என்பதைத் தனியாக ஒரு காகிதத்தில் எழுதி அவன் கையில் கொடுத்தேன். கூட்டம் முடிந்ததும் கோப்பை அனுப்பச் சொல்லுவார்கள், நோட்ஸும் கூடவே போய்விடும், அதையும் மறக்க வேண்டாம். பிடிஎஃப் ஆக்கி ஸ்லைடுகளை மட்டும் அனுப்புங்கள். பிபிடியாகவே கேட்டால் ஒரு நகல் எடுத்து, File, Info, Check for Issues, Inspect Document என்று போய் அதில் Presentation Notes-ஐ நீக்கிவிட்டு அனுப்பலாம். நகலில்தான் செய்ய வேண்டும், அசலில் செய்தால் எழுதியது எல்லாம் போய்விடும்.

எழுதி முடித்த பிறகு, நோட்ஸ் சரியாக இருக்கிறதா என்று எனக்கு நானே படித்துப் பார்த்தால் சரியாகத்தான் தெரிந்தது. அதனால் தம்பியிடம் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து நான் ஆடிட்டர் மாதிரி எதிரில் உட்கார்ந்தேன். அவனுக்கு நான் விளக்கவில்லை, அவன் எனக்கு விளக்கினான். நாற்பது நிமிடம் ஆனது. மூன்று இடத்தில் நின்றான். நின்ற இடம் மூன்றிலும் நான் எழுதியிருந்ததுதான் குறை. ஒன்றில், மதிய நேரத்தில் ஆலை எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்ற எண்ணை எந்த மாதத்து மின் கட்டணப் பட்டியலில் இருந்து எடுத்தேன் என்பதை விட்டிருந்தேன். இன்னொன்றில், 1,440 யூனிட் என்பது மதிப்பீடு, உத்தரவாதம் இல்லை என்பதை எழுதவில்லை. அவன் "வருசத்துக்கு இவ்வளவு கண்டிப்பா வருங்க" என்று என்னிடமே சொன்னான். அந்த ஒரு சொல்லை எதிரில் இருப்பவர் குறித்து வைத்துக்கொண்டால் நாளைக்கு நாங்கள் மாட்டிக்கொள்வோம். அந்த ஸ்லைடின் நோட்ஸில் முதல் வரியாக, "கண்டிப்பா என்ற சொல் இங்கே வேண்டாம்" என்று போட்டேன்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் என்ன சொல்வது என்பதையும் சொல்லாகவே எழுதிக் கொடுத்தேன், ஏனென்றால் அந்த நேரத்தில் வாய்க்கு எதுவும் வராது என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். "இது என் கைவசம் இல்லீங்க, டிசைன் பண்ணவங்ககிட்ட கேட்டு நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள எழுதியே அனுப்பிடறேங்க." இந்த வாக்கியத்துக்கு அந்தப் பன்னிரண்டு மணி முக்கியம். நேரம் சொல்லாவிட்டால் அது மழுப்பலாகக் கேட்கும். சோதனை நடக்கும் இடத்தில் இருந்தாலும் அன்று காலை பத்து முதல் ஒரு மணி வரை என் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருப்பேன் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். பல்லடத்துக்குப் போகும்போது எனக்கு அப்படி ஒருவர் இல்லை.

அவன் பன்னிரண்டேகாலுக்கு ஆலை வாசலில் இருந்து கூப்பிட்டான். "அக்கா, 180 நாள் கேள்வி அப்படியே வந்துச்சு. 23 தட்டிக் காட்டினேன்" என்றான். பிறகு, நோட்ஸில் இல்லாத ஒன்றையும் கேட்டார்களாம். நூற்பாலையில் பஞ்சுத் தூசி பறந்து தகட்டின் மேல் படியும், அதைக் கழுவத் தண்ணீர் எவ்வளவு ஆகும், யார் செலவு என்று. என் மனதில் அது தோன்றவே இல்லை. அவன் நான் எழுதிக் கொடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அன்று இரவே கணக்குப் போட்டு, மறுநாள் பதினொரு மணிக்கு அனுப்பினோம். அந்த ஆலைக் கூரையில் ஜூலையில் தகடுகள் ஏறின. பஞ்சுத் தூசிக் கேள்வியை ஒன்பதாவது ஸ்லைடின் நோட்ஸில் சேர்த்துவிட்டேன், கேட்டவர் ஆலையின் பராமரிப்புப் பொறியாளர் என்பதையும் சேர்த்து.